ஐந்தாம் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் நடுவில்

புளத்கொகுபிட்டிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கொமியுனிகேஷன் கடையில் மூன்று வருஷம் டைப் அடித்தேன். போட்டோ கொப்பி, பயோடேட்டா, மனு எல்லாம் என் தலையில்தான். கை வேகம், வாயும் கொஞ்சம் நீளம். அந்த வாயை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிற ஒரு மத்தியானம் உண்டு.

ரப்பர் தோட்டத்து அக்கா ஒருவர் வந்து போனை நீட்டினார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பி ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தார். அவர்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முன்பு படிப்பித்த வாத்தியார் ஒருவர் இணையத்தில் எழுதிய நீளமான கட்டுரை அது. திரையைத் தள்ளித் தள்ளித் துண்டு துண்டாகப் படம் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் இப்போது திறப்பதில்லையாம்.

"இதுல எங்கம்மாவப் பத்தி இருக்காம் தங்கச்சி. நாளைக்கு வருஷத் திதி. அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. இதத்தான் பிரேம் போட்டு வைக்கப்போறோம்" என்றார். "எனக்குத் தமிழ் வாசிக்க வராது. படிச்சது சிங்களத்துல. நீங்களே வாசிச்சுக் காட்டிருங்க."

"ஒரு மணித்தியாலம் இருங்க அக்கா" என்றேன்.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, மென்பொருளால் எழுத்தை மட்டும் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். நேரமும் பேட்டரியும் காட்டும் வரிகளைத் தூக்கினேன். இனி இரட்டிப்பு. ஒரு படத்தின் அடிவரிகள் அடுத்த படத்தின் தலையிலும் வரும். முதல் படத்தின் கடைசி வரியைத் தேடச் சொன்னால், அதே வரி அடுத்ததில் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். அதுவரைக்கும் அழித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

ஐந்தாம் படத்தின் கடைசி வரி, "அன்றும் மழை. பால் வெட்டு இல்லை."

அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. நானும் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? அம்மா வீட்டில் இருப்பாள், அடுப்பில் பலாக்கொட்டை சுடுவாள், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக் கிடப்பேன். அதைப்போல ஒரு சுகம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. அந்த நினைப்பிலேயே தேடினேன். வரி கிடைத்தது. அதுவரைக்கும் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அச்சடித்து, அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து வாசித்தேன். லயத்து வரிசை வீடுகள், பள்ளிக்கூடம், மழை, திருவிழா எல்லாம் வந்தன. அக்கா ஒவ்வொரு பந்திக்கும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கட்டுரை முடிந்தது.

"அம்மா வரலையே?"

"இருந்தாத்தானே வரும்? ஒம்பது படத்தையும் வரி விடாம அடிச்சிருக்கேன். ஒங்க தம்பியத்தான் கேக்கணும்" என்றேன். அடுத்த ஆள் காத்திருக்கிற அவசரம், சுள்ளென்று வந்துவிட்டது.

"ஹரி தங்கச்சி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பிரேம் போடவேண்டிய தாளை மடித்துவிட்டாரே. அதுதான் என்னைக் குடைந்தது.

படங்களை மறுபடி திறந்து தாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஆறாம் படத்தில் இருந்து கடைசி நான்கு வரிகள்தான் தாளில் இருந்தன. வாத்தியார் அந்த மழை வரியை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். ஆறாம் படத்தின் உச்சியில் வரவேண்டிய வரியைப் பக்கத்தின் தலைப்புப் பட்டை மறைத்துவிட்டது. தேடல் அதைத் தாண்டிக் கீழே இருந்த இரண்டாவது வரியில் போய் நின்றிருக்கிறது. அதற்கு மேல்வரி ஒத்து வருகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நடுவில் இருந்த அவருடைய அம்மாவை நான்தான் அழித்திருக்கிறேன்.

புதிதாக அச்சடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினேன். அக்கா பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எறங்குங்க. தப்பு என்னோடது. அம்மா இருக்காங்க."

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். "மழை நாளில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கடைசி வீட்டில்தான் இருப்பார்கள். அந்த அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுப்பார். தனக்கென்று ஒரு துண்டு எடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டால், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

வாசித்தேன். பஸ் ஹோர்ன் அடித்தது, அவர் எழும்பவில்லை. "இன்னொருக்கா" என்றார். அதையும் வாசித்தேன்.