எல்லாக் கதவையும் திறந்த கார்டு

அந்தப் பெண் வேலையை விட்டதற்கு ஆப் செய்து கொடுத்த நீங்கள்தான் காரணம். சூப்பர்வைசர் அயோக்கியன்தான். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. ஒரு லாட், அதாவது ஒன்றாகத் தைக்கும் ஷூத் தொகுதி, எந்த லைனில் இருக்கிறது என்று பார்க்க முதலில் ஒரு ஆப் கொடுத்தீர்கள். யாரும் எந்த லாட் நம்பரையும் போட்டுப் பார்க்கலாம். அது சரி, ஷூவுக்கு ரகசியம் கிடையாது. பிறகு, பெண்கள் தங்களுக்கு நடக்கும் தொல்லையைக் கம்பெனியின் விசாரணைக் கமிட்டிக்கு மட்டும் எழுத ஒரு புகார் ஆப் கேட்டோம். அதே திரையில் 'லாட்' என்பதை அழித்து 'புகார்' என்று எழுதித் தந்தீர்கள். பத்திரமானது என்று லைன் லைனாகப் போய்ச் சொன்னவன் நான். அதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஸ்டிச்சிங் பெண் அதை நம்பிப் புகார் எழுதினாள். இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் லைன் நடுவில் நின்று கேட்டானாம்: "தோள்ல கை வெச்சேன்னு எழுதிகீறியே, எந்தத் தோளும்மா?" நாலு பேர் சிரித்தார்களாம்.

"கமிட்டிக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னியேண்ணா," என்றாள் என்னிடம்.

என் பெயரில் ஆப்புக்குள் போய் வரிசையாகப் புகார் நம்பர் போட்டுப் பார்த்தேன். அவளுடையது மட்டுமல்ல, எல்லாருடைய புகாரும் திறந்தது.

உங்களை வரவழைத்தோம். வேலூரில் ஓட்டல் ரூம் போட்டுக் கொடுத்தோம். "ஓடிபி இல்லாம யாரும் உள்ள வர முடியாது சார்," என்றீர்கள். உங்கள் சட்டைப் பையில் ஓட்டல் ரூமைத் திறக்கும் கார்டு துருத்திக்கொண்டிருந்தது.

"இது எந்த ரூம் சார்?"

"இருநூத்தி நாலு."

"பக்கத்து ரூமைத் திறக்குமா?"

"அது எப்டி சார் திறக்கும்?"

"ரிசப்ஷன்ல ஆதார் பாத்து, நீங்க யாருன்னு தெரிஞ்சுதானே கார்டு குடுத்தாங்க? அப்புறம் பக்கத்து ரூம் இன்னாத்துக்குத் திறக்காது?"

ஆள் யார் என்று பார்ப்பது ரிசப்ஷன் வேலை. உங்கள் ஓடிபியும் அவ்வளவுதான் செய்கிறது. இந்தக் கார்டுக்கு இந்த ரூம் உண்டா என்று ஒவ்வொரு கதவின் பூட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். கேட்பவர் புகார் எழுதியவரா, கமிட்டி ஆளா என்று உங்கள் சர்வர் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவேயில்லை. சூப்பர்வைசர் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. தன் போனில், தன் ஓடிபி போட்டு, முறையாக உள்ளே வந்து அவள் எழுதியதைப் படித்தான்.

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம் சார்," என்று சொல்லிவிட்டு பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டீர்கள்.

மறுநாள் ஆப்பை நானே நிறுத்தினேன். அதற்குள் அவள் பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு மெயிலில் விளக்கம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வாருங்கள். எல்லா லைனும் அங்கே இருக்கும், மைக் நான் தருகிறேன். உங்கள் ரூமுக்கு இருந்த பூட்டை அவள் புகாருக்கு ஏன் போடவில்லை என்று அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.