பெங்களூருக்குப் போகவேண்டிய தாள்

அந்த சி.டி.யில் கேட்பது என் குரல்தான். அப்போது சிவகாசியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். முதன்முதலாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் சம்பளக்காரர்களுக்காக, கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவில் வைத்துப் பதிந்தோம். எங்கள் ஊரில் இன்கம்டாக்ஸ் என்றாலே முதலாளி வீட்டு வாசலில் ரெய்டுக்கு வந்து நிற்கிற கார்தான். பிள்ளைகள் பயப்படாமல் என்ன செய்யும்?

“ஒண்ணும் பதறாதீக. கம்பெனியில ஃபார்ம் பதினாறு கேட்டு வாங்குங்க. வருசம் பூரா வாங்குன சம்பளமும் பிடிச்ச வரியும் அதுல இருக்கும். பார்த்து அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்துங்க” என்று தாலாட்டுப் பாடுகிற மாதிரி பேசியிருந்தேன். ஸ்டுடியோக்காரர் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் திரையில் ரோஜா இதழ்களை உதிரவிட்டுவிட்டார். சண்டைக்குப் போனேன். பார்க்கப் பார்க்க எனக்கே பிடித்துப்போய், வெயிலில் நடக்கும்போதும் கண்ணுக்குள் இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன.

அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்யும் ஒரு பெண் அந்த சி.டி.யைத் தெருவோடு உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தாளாம். ஜூலையில் எங்கள் ஆபீசுக்கு வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தானே எல்லாம் ஏற்றி முடித்தாள். கடைசியில் வந்த தாளில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனாள். அது பெங்களூரில் இருக்கிற வருமான வரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தாக்கல் செய்தது செல்லும்.

ஆகஸ்டில் அவள் அப்பா வந்தார். பட்டாசுக் கம்பெனி வேலையாள். கையில் திரும்பி வந்த கூரியர் கவர். முகம் செத்துக் கிடந்தது.

“எம் புள்ள கணக்கு வேண்டாம்னு திருப்பிட்டாக தாயி.”

“கூரியர்ல யாருண்ணே போடச் சொன்னா? அது தபால்பெட்டி விலாசம், கூரியர்காரன்கிட்ட வாங்க மாட்டாக. சாதாத் தபால்தான் போகும்!” என்று கத்தினேன்.

“நீங்கதான தாயி சி.டி.யில பத்திரமா அனுப்புங்கன்னு சொன்னீக.”

சொன்னேன்தான். எப்படி அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “தப்பு என்னுதுண்ணே. கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே போட்டுருவோம்” என்று புதுக் கவரில் விலாசம் எழுதினேன். அவரோ தாளைத் தர மாட்டேன் என்கிறார். அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். இன்னாருடைய மகளாகிய நான் உறுதி கூறுகிறேன் என்னும் இடம்.

“இது எம் பேருன்னு மக காட்டுனா. இருபது வருசமா பட்டாசு மருந்துல நிக்கேன், ஒரு ரிஜிஸ்தர்லயும் எம் பேரு இல்ல. இதுல அச்சடிச்சு வந்திருக்கு. சாதாத் தபால்ல தொலைஞ்சுபோச்சுன்னா?”

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததை இன்னொரு பிரதி எடுத்து நீட்டினேன். பிறகுதான் மகள் கையெழுத்துப் போட்ட தாளைக் கவருக்குள் வைக்க விட்டார்.

“இந்த ரெண்டாவது தாள் யாருக்கு அனுப்பணும் தாயி?”

“யாருக்கும் வேண்டாம்ணே. அது ஒங்களுக்கு.”