கூப்பிடுங்க, எடுக்கிறேன்

சேலையூரில் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை வீட்டிலேயே சிறு தொழில் செய்கிற பெண்களுக்கு, இன்ஸ்டாகிராமில் அவர்கள் போடும் படங்களுக்குக் கீழே வரும் கேப்ஷனை எழுதிக் கொடுக்கிறேன். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போனவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் அதில் முக்கியமான வரி. மற்றதெல்லாம் அலங்காரம்.

பொழிச்சலூர் அக்கா என்னைத் தேடிப் பிடித்ததே அந்த வரிக்காகத்தான். ஹாலில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, உதவிக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்துகொண்டிருந்தார். அவர் கணவர் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை.

"இன்னாமா இது? மாடல் எல்லாம் பாக்கறதுக்கு லிங்க் போட்டுகீறேன். அழுத்தினா ஒண்ணுமே ஆவலன்னு எல்லாரும் கமெண்ட்ல கேக்கறாங்க" என்று போனை நீட்டினார்.

கேப்ஷனில் போடுகிற லிங்க் அங்கே வெறும் எழுத்துதான் அக்கா, அழுத்தினால் திறக்காது என்றேன். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து தேடுகிற பொறுமை யாருக்கும் கிடையாது. போன் நம்பருக்கும் அதே கதி. விரலால் அழுத்திப் பிடித்தாலும் அந்தச் செயலியில் கேப்ஷனை நகலெடுக்க முடியாது. அதனால் வழி சொல்ல வேண்டும். மேலே இருக்கும் பக்கத்தின் பேரை அழுத்தினால் புரொஃபைல் வரும். லிங்க் அங்கே வேலை செய்யும், கூப்பிடுகிற பட்டனும் வைக்கலாம். இல்லையென்றால் மெசேஜ் அனுப்பச் சொல்லலாம்.

மெசேஜ் அவருக்குச் சரிப்படவில்லை. அறிமுகம் இல்லாதவர்கள் அனுப்புவது தனியாக ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா அதைத் திறந்ததே இல்லை. நான் திறந்து காட்டியபோது, முகூர்த்தம் முடிந்துபோன கல்யாணங்களுக்கெல்லாம் விலை கேட்டு மெசேஜ்கள் கிடந்தன.

"அய்யோ, பதிலே சொல்லாத திமிர் புடிச்சவன்னு நெனச்சிருப்பாங்களே" என்றார். "எனக்கு எழுதறதுக்கெல்லாம் வராதும்மா. போன் போடச் சொல்லு. நான் பேசிக்கறேன்."

அப்படியே செய்தோம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அவருடைய நம்பரைப் பெரிதாகப் போட்டோம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக. அதன் கீழே அவர் பேசுகிற மாதிரியே எழுதினேன்: "எங்க பேரை அழுத்துங்க, உள்ள கூப்பிடற பட்டன் இருக்கு. நம்பர் படத்துலயும் இருக்கு. கையில ஊசி இருந்தா உடனே எடுக்க மாட்டேன், கோச்சுக்காதீங்க. கண்டிப்பா நானே திரும்பக் கூப்பிடுவேன்." ஜனங்கள் கூப்பிட்டார்கள். அக்காவும் திரும்பக் கூப்பிட்டார். பம்மலிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் மணப்பெண்களின் அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள்.

தை மாதத்துக்கான வேலை குவிந்து கிடந்தபோது அக்கா இறந்துபோனார். தலை வலிக்கிறது என்று சட்டத்தருகே சாய்ந்து உட்கார்ந்தவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் நினைவு திரும்பவில்லை. வேலை செய்த பெண்களில் ஒருத்தி எனக்குச் சொன்னாள். நான் போனபோது ஹாலில் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவர் கணவர் என்னைக் கூப்பிட்டார். அக்காவின் நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. திரையில் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடித்து ஓயும் முன்தான் எடுத்தேன்.

"நம்பர எடுத்துருங்கம்மா" என்றார். "கூப்பிடறாங்க. எடுத்தா, அக்கா இல்லீங்களான்னு கேக்கறாங்க. எத்தன பேருக்குச் சொல்றது?"

மறுநாள் அவர் வீட்டில் உட்கார்ந்து, அக்காவின் போனை வாங்கி வேலையை ஆரம்பித்தேன். புரொஃபைலில் இருந்த பட்டனை எடுப்பது சுலபமாக இருந்தது. கேப்ஷன்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தலாம். ஆனால் ஒரு முறை போட்ட படத்தை மாற்ற முடியாது. நம்பர் படத்துக்குள்ளேயே இருந்தது. அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்க்கைவ் செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"அப்டீன்னா?"

"வெளியில யாருக்கும் தெரியாது சார். இந்தப் போன்ல நீங்க பாக்கலாம்."

"அப்ப அழிக்காதீங்க" என்றார் வேகமாக. பிறகு, "அந்த எழுத்தும் போவாதுல்ல?" என்று கேட்டார். "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு தெரியும். ஆனா படிச்சா அவ பேசற மாதிரியே கீது."

எழுத்தும் அப்படியே இருக்கும் என்றேன். ஒவ்வொரு பதிவாக மறைத்துக்கொண்டே போனேன். திரும்பக் கூப்பிடுவேன், திரும்பக் கூப்பிடுவேன் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பீரோ நிறையப் பிறருடைய துணிகள் இருந்தன. பாதி முடிந்தவை, தொடாதவை, அளவு பிளவுஸ்கள். பையில் நம்பர் எழுதியிருந்தவர்களை அந்த இரண்டு பெண்களும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். சில பைகளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர்களுக்காக ஒரு பதிவு போட வேண்டியிருந்தது. யாரைக் கூப்பிடச் சொல்வது என்று கேட்டேன்.

"போன் வேணாம்மா. என்னால பேச முடியல. மெசேஜ் பண்ணச் சொல்லுங்க."

வெள்ளைப் பின்னணியில் செய்தியை மட்டும் படமாகச் செய்தேன். கேப்ஷனில் அக்காவின் குரல் இல்லாமல் எழுதப் பழக வேண்டியிருந்தது: "அக்கா காலமாகிவிட்டார். துணி கொடுத்தவர்கள் மேலே உள்ள பேரை அழுத்தி, மெசேஜ் என்பதைத் தொட்டு, துணியின் நிறத்தையும் உங்கள் நம்பரையும் அனுப்புங்கள். பழைய நம்பரைக் கூப்பிட வேண்டாம்." அதைப் பக்கத்தின் உச்சியில் நிற்கும்படி பின் செய்தேன். தனிப் பட்டியலில் விழும் மெசேஜ்களை எப்படித் திறப்பது என்று அவருக்குக் காட்டினேன். தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. அதனால் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, நானும் தினமும் என் வீட்டிலிருந்தே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெசேஜ்கள் வந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள், மாம்பழ மஞ்சள் பட்டு, பிளவுஸ் விலை என்ன, கை கூப்பிய படங்கள் எல்லாம் கலந்து வந்தன. படத்தைப் படிக்காமலே விலை கேட்டவர்களுக்கும் நான் பதில் போட்டேன். ஆனாலும் போன் நிற்கவில்லை. எப்போதோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுகள் யார் யாருடைய போனிலோ இருந்தன. அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நான் அங்கே போயிருந்த ஒரு நாள், திருநீர்மலையிலிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"எவ்ளோ நேரமா போன் அடிக்கறேன் சார், எடுக்கவே மாட்டேங்கறீங்க. எங்க பொண்ணுக்கு வெள்ளிக்கிழம கல்யாணம்!" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். பிறகு உள்ளே மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே செருப்போடு படியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கணவர் உள்ளே போய், பாதி முடிந்த பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிளவுஸின் ஒரு கைக்கு மயில் தைத்திருந்தது, இன்னொன்று வெறுமையாக இருந்தது. அந்த அம்மா அதை மடித்து மடித்துப் பார்த்து அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பைகள் போயின. அந்த இரண்டு பெண்களும் பல்லாவரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கடைசியில் ஒரு கரும்பச்சைப் பட்டுத் துணி மட்டும் மிஞ்சியது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

சித்திரையில் அக்காவின் கணவர் வீட்டைக் காலி செய்து, மாடம்பாக்கத்தில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும் முன் என்னிடம், "பக்கத்துல பேருக்குக் கீழ கீற ஊர மட்டும் மாத்திடுங்கம்மா. தேடி வந்து பூட்டுன வூட்டப் பாத்துட்டுப் போயிடப் போறாங்க" என்றார்.

மாற்றினேன். அக்காவின் போனை அவர் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். இப்போதும் அந்தப் பக்கத்தின் மெசேஜ்களை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். கரும்பச்சைத் துணியைக் கேட்டு யாரும் எழுதவில்லை.