மருதாளின் மூக்கும் பீபரிக் கொட்டையும்

வேலம்பாளையத்தில் குமாரவேலின் காப்பித்தூள் கடையில் கொட்டை வறுப்பவள் மருதாள். வயது நாற்பத்தெட்டு. இந்த வேலைக்கு முன் பத்து வருடம் ஒரு சாயப்பட்டறையில் துணிக்கு ஷேடு பார்த்தாள். ஒரே நீலத்தில் நான்கு துண்டுகளை விரித்தால், எது எந்தத் தொட்டியில் நனைந்தது என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு.

நான்கு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு மூக்கு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. மல்லிகையும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. காப்பி வறுக்கிறவளுக்கு வாசனை தெரியாது என்றால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பயத்தில் புருஷன் செந்தில்வேலிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. காதாலும் கண்ணாலும் வறுத்தாள். டிரம்முக்குள் கொட்டை படபடவென்று வெடிக்கும் சத்தத்தைக் கேட்பாள், நிறத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு வறுவலிலும் ஒரு கைப்பிடியைச் சின்னப் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி, மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அடுத்த வறுவலின் நிறத்தை ஒப்பிட அதுதான் அவளுக்கு அளவு.

ஒரு திங்கட்கிழமை காலையில் தரணீதரன் கடைக்குள் வந்தார். பனியன் ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்காரர். ஆபீசுக்கு வாரம் இரண்டு கிலோ பீபரி என்கிற உருண்டைக் கொட்டைத் தூள் வாங்குவார், சிக்கரி கலக்காமல். கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"குமாரவேலு, இது பீபரி இல்லீங்க. தட்டைக் கொட்டைய அரைச்சுக் குடுத்துட்டீங்க. ஒரே கசப்பு."

குமாரவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா காலத்துக் கடை அது. தூளைப் பார்த்து எந்தக் கொட்டை என்று யாராலும் சொல்ல முடியாது, நம்பிக்கை ஒன்றில்தான் வியாபாரம் நடக்கிறது. அவன் திரும்பி மருதாளைப் பார்த்தான்.

"அக்கா, போன வியாழக்கிழமை போட்டதுங்க அது. மூட்டைய மாத்திக் கொட்டீட்டீங்களா?"

"இல்லீங் தம்பி," என்றாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். நிஜமாகவே இல்லையா? வியாழக்கிழமை வறுத்து முடிக்கிற நேரத்தில் கரண்டு போனது, எந்தக் கொட்டை என்றுகூடப் பார்க்காமல் இருட்டில் அவசர அவசரமாக அள்ளிக் கொட்டினாள். மூக்கு இருந்தவளாக இருந்தால் சத்தியம் செய்திருப்பாள். பாட்டிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பாட்டிலை எடுத்தால், அது எதற்கு என்று கேட்பார்கள். அதற்குள் தட்டைக் கொட்டை இருந்துவிட்டால்? இரண்டு பயமும் சேர்ந்து அவளை நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டன.

குமாரவேல் ஒரு முடிவுக்கு வந்தான். "நாளைக்குக் காலையில வாங்க. ஒரே தோட்டத்துக் கொட்டை, பீபரியும் தட்டையும், ஒரே பதமா வறுத்து வெக்கிறோம். நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. உங்க நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியுதான்னு பாத்துப்போட்டு அப்பறம் பேசலாம்."

மறுநாள் மருதாள் இரண்டையும் தனித்தனியே வறுத்தாள். பீபரி டிரம்முக்குள் உருண்டு ஓடும், தட்டைக் கொட்டை சறுக்கிப் புரளும். அந்தச் சத்த வித்தியாசம் அவள் காதுக்கு அத்துப்படி. அன்று காதில் விழுந்ததெல்லாம் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான். ஒவ்வொரு வெடிப்புக்கும் திடுக்கிட்டாள்.

தரணீதரன் தன் மேனேஜர் ஆஷாவோடு வந்தார். ஆஷா உள்ளறையில் டிகாஷனை ஊற்றினாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஒரு சுற்றுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே கொட்டை, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். டம்ளருக்கு அடியில் அடையாளம் ஒட்டியிருந்தாள்.

"அப்படி என்னதான் விசேஷமுங்க இந்தப் பீபரியில?" என்று ஆஷா கேட்டாள்.

"காப்பிப் பழத்துக்குள்ள வழக்கமா ரெண்டு கொட்டை ஒட்டி இருக்குமுங்க. அதனாலதான் ஒரு பக்கம் தட்டை," என்றான் குமாரவேல். "சில பழத்துல ஒண்ணு வளராமப் போயிரும். மிச்ச ஒண்ணு எடம் பூராம் புடிச்சுட்டு பட்டாணியாட்ட உருண்டுக்கும். நூறு பழத்துக்கு அஞ்சோ பத்தோ அப்படி வரும். வேற மரமில்லீங்க, அதே மரந்தான். சலிச்சுத் தனியா எடுக்கறாங்க."

தரணீதரன் மூன்று சுற்று குடித்தார். ஒன்று சரி, இரண்டு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே மூன்றில் ஒன்று சரியாக வந்துவிடும். குமாரவேலுக்கு இரண்டு சரி. ஆனால் இரண்டாவதைக் குத்துமதிப்பாகத்தான் சொன்னதாக அவனே ஒத்துக்கொண்டான்.

தரணீதரன் விடவில்லை. "அப்ப என்ற பொட்டலம் ஏன் அப்படிக் கசந்துச்சு? அந்தம்மா குடிச்சுச் சொல்லட்டும். வறுக்கறவங்களுக்குத் தெரியாததா?"

ஆஷா மூன்று டம்ளர்களை மருதாள் முன்னால் வைத்தாள். எல்லாருடைய கண்ணும் அவள்மேல். மருதாள் முதல் டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, லேசாகப் புளிப்பு. அதற்கு மேல் வெறும் சுவர். இரண்டாவதும் அதேதான். ஏதாவது ஒன்றைக் கைகாட்டிவிடலாம். தப்பாகிப் போனால், இவளா வறுக்கிறவள் என்பார்கள். சரியாகிப் போனால், பொட்டலத்தில் இருப்பது எந்தக் கொட்டை என்றும் நீயே குடித்துச் சொல் என்பார்கள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வாசமே தெரியாதுங் தம்பி. நாலு வருசமாச்சுங்க."

குமாரவேல் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். வேலை போய்விட்டது என்று மருதாள் நினைத்தாள். போனது போனதுதான், இனி மறைத்து என்ன? மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பாட்டில்களை மடியில் அள்ளிவந்தாள். வியாழக்கிழமைப் பாட்டிலைத் திறக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேசைமேல் கவிழ்த்தாள்.

கொட்டைகள் உருண்டன. ஒன்று மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து ஓடியது. ஆஷாதான் எடுத்தாள். "உருண்டையாத்தான் இருக்குதுங்க. பீபரிதான்."

மருதாள் கண்ணைத் திறந்தாள். பீபரிதான். ஆனால் நிறம்! அன்று காலை வறுத்ததைப் பக்கத்தில் பரப்பினாள். வியாழக்கிழமைக் கொட்டை கன்னங்கரேலென்று, எண்ணெய் கசிந்து மினுங்கியது.

"கரண்டு போனப்ப ஆற வெக்கற தட்டுல ஃபேனு நின்னுபோச்சுங்க. கையால கெளறினேன். உள்சூட்டுலயே மேல வறுபட்டிருக்குது. இருட்டுக்குள்ள நெறம் தெரியல. மூக்கு இருந்திருந்தா கருகல் வாசம் அப்பவே தெரிஞ்சிருக்கும். தப்பு என்ற மேலதானுங்க."

தரணீதரன் குனிந்து பாட்டில்களை வரிசையாகப் பார்த்தார். வெளிறியதிலிருந்து கருத்தது வரை, தேதி தேதியாக. "எங்க சாயப்பட்டறையில ஷேடு வரிசை இப்படித்தானுங்க வெப்பாங்க," என்றார். குரலில் இருந்த கோபம் போய்விட்டது. "அப்ப பீபரிக்குன்னு தனி ருசியே இல்லீங்களா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்குதும்பாங்க. இல்லவே இல்லைங்கறவங்களும் உண்டு," என்றான் குமாரவேல். "ஒரே அளவுல பொறுக்கி வர்றதால சீரா வறுபடும். மத்தபடி தோட்டமும் வறுக்கற பதமுந்தான் ருசிய மாத்தறது. இத்தன நாளா நானும் பீபரின்னாலே ஒசத்தின்னு சொல்லித்தான் வித்துட்டு இருந்தனுங்க."

"எனக்குப் பீபரியே போடுங்க, பழகிப்போச்சு. கருக்காமப் போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மருதாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். குமாரவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கக்கா போறீங்க?"

"வரச் சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு..."

"நாலு வருசமா இது ஒண்ணத் தவிர ஒரு ஆளு கொற சொல்லல. எங்கிட்ட மறைச்சதுதான் எனக்கு வருத்தம். இனிமே அன்புசெல்வி பக்கத்துல நின்னு மோந்து பாக்கட்டும்." அன்புசெல்வி கடையில் பொட்டலம் கட்டுகிற பெண்.

மறுநாள் முதல் வறுவலுக்கு அன்புசெல்வி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். மருதாளுக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. கொட்டை வெடிக்கத் தொடங்கியதும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள், நிறத்தைப் பார்த்தாள். அன்றுவரை யாரிடமும் கேட்காததை முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"கண்ணு, எப்படி அடிக்குது வாசம்?"

"நல்லாருக்குதுங்கக்கா. எறக்கலாம்."

மருதாள் டிரம்மின் மூடியைத் திறந்தாள்.