கணுக்காலின் பின்விளிம்பு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். ஒருவர் முகம் பார்த்துக் கதைக்கவே கூச்சம் வரும். கால் நொந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் வெங்காயம் தரம் பிரிக்கிறேன். அன்று காலை பஸ்ஸால் இறங்கும்போது, மற்றக் கால் தரையைத் தொட முன்னமே நடத்துனர் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர, வீதியோரச் சல்லியில் வலது பாதம் உள்நோக்கிப் புரண்டது. கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிக் கொட்டிலுக்குப் போனேன். பத்து மணிக்குள் கணுக்கால் வீங்கி, செருப்புப் பட்டி இறுகிவிட்டது. முதலாளியே ஓட்டோ பிடித்து, கிட்ட இருந்த சிறிய அரசாங்க ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அந்த ஆசுபத்திரியில் எக்ஸ்ரே இல்லை. படம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குத்தான் அனுப்புவார்கள். எனக்கு அதுதான் பயம். அம்மாவை அங்குள்ள பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோன நாட்களில், எந்தக் கதவடியிலும் முதலில் கேட்டது “ஆர் கூட வந்தது?” என்பதைத்தான். கூட வந்தவள் நான். இப்போது அம்மா இல்லை. தமையன் கனடாவில். ஆளில்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தேன்.

டொக்டரைப் பார்க்கக் காத்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த மனிசி என் காலைப் பார்த்துவிட்டு இரகசியம் போலச் சொன்னா: “பிள்ளை, எங்கை தொட்டாலும் நோகுது எண்டு சொல்லும். இல்லாட்டி ரெண்டு நோவுக் குளிசையைத் தந்து கலைச்சுப்போடுவினம். என்ரை மனுசன் கத்தின கத்துக்கு ரெண்டு காலுக்கும் படம் எடுத்தவை.”

நான் அதற்கு நேர்மாறாகச் செய்வதென்று முடிவெடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டொக்டர் இளம் பெண். கால் புரண்டவுடன் ஊன்ற முடிந்ததா என்று கேட்டா. முடிந்தது என்றேன். கட்டிலைச் சுற்றி நாலடி நடக்கச் சொன்னா. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நொண்டினாலும் பாரம் ஊன்றினால் அது நடைதான் என்றா. பிறகு படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே இருந்து வெளிப்பக்க எலும்பு வழியாக ஒரு விரலால் அமத்திக்கொண்டு வந்தா. உட்கணு, பாதத்தின் உள்பக்க மேடு, சின்னவிரல் எலும்பின் அடி, எல்லாவற்றையும் அமத்தினா. அங்கெல்லாம் உண்மையாகவே நோகவில்லை. வீக்கம் கூடிய முன்பக்கத்தில் நொந்தது, சொன்னேன். கடைசியாக வெளிக்கணுவின் பின்விளிம்பில் விரலை வைத்தா.

“இதிலை நோகுதோ?”

“இல்லை.”

திரும்பவும் அமத்தினா. கால்விரல்கள் தாமாகவே மடங்கின. அவ என் முகத்தைப் பார்த்தா.

“அம்மா, முன்பக்கத்திலை நோகிறது நார் இழுபட்டது. அதுக்குப் படம் வேண்டாம். இந்த விளிம்பு எலும்பு. இதிலை நொந்தா படம் எடுக்கத்தான் வேணும். என்ரை விரலுக்கு உள்ளுக்கு நடக்கிறது தெரியாது, நீங்கள்தான் சொல்லோணும். நீங்கள் இல்லை எண்டா, நானும் இல்லை எண்டு எழுதி வீட்டை அனுப்பிவிடுவன்.”

மடங்கியிருந்த கால்விரல்களை நிமிர்த்தினேன். பிறகு சொன்னேன்: “ஓம். அதிலை நல்லா நோகுது.”

“பிறகேன் இல்லை எண்டனீங்கள்?”

“எக்ஸ்ரேக்கு ஆரோட போறது? எனக்கு ஒருத்தரும் இல்லை.”

அந்த வசனத்தை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. திரைக்கு அந்தப்பக்கம் கதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும். எனக்கு முகம் எரிந்தது.

டொக்டர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. “தனியப் போனாலும் எடுப்பினம்,” என்றா. அந்த விளிம்பில் நொந்த எல்லாருக்கும் எலும்பு முறிந்திருப்பதில்லை என்றும், பார்க்காமல் விடக்கூடாது என்றும் சொன்னா. மட்டை வைத்துக் கட்டி, எக்ஸ்ரேக்குத் துண்டு எழுதித் தந்து, நாளைக்கு முதல் வேலையாகப் போகச் சொன்னா. அதுவரை காலை ஊன்றக்கூடாது.

வெளியே அந்த மனிசி துண்டைக் கண்டுவிட்டு, தான் சொன்னபடி செய்ததால்தான் கிடைத்தது என்று சந்தோசப்பட்டா. நான் தலையாட்டினேன். இரவு தமையன் போன் எடுத்தபோது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டு, கால் புரண்டதைச் சொன்னேன். அங்கே பனி கொட்டுகிறது, தாங்களும் வழுக்கித்தான் விழுகிறோம் என்றார்.

மறுநாள் ஓட்டோவில் யாழ்ப்பாணம் போனேன். வெளிக்கணுவில் மெல்லிய வெடிப்பு என்று பிளாஸ்டர் போட்டார்கள். கூட வந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.