மகளின் ஈரத்துணிப் பாடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இப்போதும் தடுமாறுவேன். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

எங்கள் ஊர் பழுகாமம். வயலும் வாவியும்தான் எனக்குத் தொழில். மூத்த மகள் கம்பஸில் பட்டப்படிப்பு முடித்து வருசக்கணக்காக வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். கடைசியாக ஆசிரியர் வேலைக்கு எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். எழுதினாள், தேறினாள். நேர்முகத்துக்கும் செயன்முறைப் பரீட்சைக்கும் திருகோணமலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. என் மனுசி பாயசம் காய்ச்சினாள். எனக்கு அதை விழுங்க முடியவில்லை. இந்த முறை தவறினால், அடுத்த முறை கூப்பிடும்போது மகளுக்கு வயதெல்லை தாண்டியிருக்கும்.

நேர்முகத்தில் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள். செயன்முறை என்பது வேறு. நேர்முக போர்டில் இருக்கும் அதிகாரிகளைப் பிள்ளைகளாக நினைத்து, அவர்கள் முன்னால் சில நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்குப் புள்ளி உண்டு.

மகளோடு படித்த கூட்டாளி, காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தியும் தேறியிருந்தாள். அவள் ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். இருவரும் மாறி மாறி ஒத்திகை பார்ப்பார்கள். மகள் எடுத்த பாடம் ஆவியாதல். அலுமாரிக் கதவில் பெரிய டிமைத் தாளை ஒட்டி, கடலும் வெயிலும் மேகமும் படமாகக் கீறியிருந்தாள். கூட்டாளிதான் போர்ட். பிள்ளைகளாக உட்கார ஆள் வேண்டும் என்று மனுசியையும் என்னையும் பாயில் இருத்தினார்கள்.

"நான் ஆத்துக்கு வலை போடப் போகோணும்" என்றேன்.

"மீன் எங்கேயும் ஓடாது. இரிங்க" என்றாள் மனுசி.

மகள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். நன்றாகத்தான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க பாப்பம், கொடியில போட்ட ஈரத்துணி எப்பிடிக் காயுது?"

என் தொண்டை அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்கும்போது வரும் அதே அடைப்பு. பதில் தெரியும். வாய்க்கு வராது. ஆனால் நான் பயந்து முடிவதற்குள், "ஓம், வெயில் சூட்டில நீர் ஆவியாகிப் போகுது" என்று மகளே சொல்லி அடுத்த விசயத்துக்குப் போய்விட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

கூட்டாளி கையை உயர்த்தினாள். "நில்லுடி. கேட்டதும் நீ, சொன்னதும் நீ. அப்ப அங்கிள் என்னத்துக்கு இருக்கார்?"

"அப்பா சொல்லமாட்டார்டி."

"நீ விட்டாத்தானே சொல்லுவார்! மூணு கேள்வி கேட்டாய், மூணுக்கும் நீயே பதில். பிள்ளைகள்ட்ட இருந்து பதில் வரவைக்கிறாயா எண்டுதான் பாப்பாங்க. முந்திப் போன ஒராள் சொன்னா, போர்டில ஒருவர் வேணுமெண்டே வாய் திறக்காம இருப்பாராம்."

மகளின் முகம் வெளிறியது. மனுசி என்னைப் பார்த்தாள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மூவருக்கும் தெரியும். பாங்கில் என்னிடம் கேட்டால் மகள் சொல்வாள். கிளினிக்கில் டாக்டர் "எங்க நோகுது?" என்று கேட்டால், என் வயிற்று நோவை அவள்தான் சொல்வாள். சின்னப் பிள்ளையாக என் கையைப் பிடித்து நடந்த காலத்திலிருந்தே அப்படி. எனக்கு வாய் வராது என்று தெரிந்து, கேள்வி முடியுமுன் பதில் சொல்லிப் பழகிவிட்டாள்.

அன்றிலிருந்து கூட்டாளி ஒரு சட்டம் போட்டாள். பதில் வரும்வரை மகள் பேசக்கூடாது. மனுசியும் எடுத்துக்கொடுக்கக்கூடாது.

அந்த மாலைகளில் பயந்ததுபோல நான் வேறு எப்போதும் பயந்ததில்லை. மகள் கேட்பாள். நிற்பாள். நான் பாயின் ஓரத்தைப் பிய்ப்பேன். வெளியே யாரோ சைக்கிளில் போகும் சத்தம் கேட்கும். அவளுடைய உதடு அசையும், அடக்கிக்கொள்வாள். கடைசியில் பொறுக்க முடியாமல் பதிலைச் சொல்லிவிடுவாள். கூட்டாளி தலையில் கை வைப்பாள். ஒருநாள் ஒத்திகை நேரத்துக்கு நான் தோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வலையே போடவில்லை. வாவிக்கரைக் கண்ணா மரங்களின் ஓரம் சும்மா இருந்தேன். அவளுடைய வேலை என் தொண்டையில் சிக்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தபோது மகள் கூட்டாளியின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். "பிழையாச் சொன்னாலும் பரவாயில்லப்பா. ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"வருகுதில்ல மனே" என்றேன். அதுகூட மெதுவாகத்தான் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுப்படிக் குசினிக்குப் போய் இரண்டு துணித்துண்டுகளை நனைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பாயில் இருத்தி, ஒன்றை விரித்து என் ஒரு முழங்காலில் போட்டாள். மற்றதைச் சுருட்டி மற்ற முழங்காலில் வைத்தாள்.

"எது முதல்ல காயும்? சொல்லத் தேவையில்ல, காட்டுங்க."

விரித்ததைத் தொட்டேன்.

"ஏன்?"

கேட்டுவிட்டு நின்றாள். இம்முறை என் முகத்தைப் பார்க்காமல் துணியையே பார்த்தாள். அதனாலோ என்னவோ தொண்டை கொஞ்சம் இளகியது.

"விரிஞ்சிருக்கு" என்றேன். அவள் பேசவில்லை. "காத்துப் படும்" என்றேன்.

"அல்லாஹ், அங்கிள் கதைச்சிட்டார்!" என்று கூட்டாளி கை தட்டினாள். மனுசி, "எங்கட கலியாண வீட்டிலயும் இவ்வளவு கதைக்கல்ல இவர்" என்றாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் டிமைத் தாளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, துணியை வைத்தே பாடத்தை மாற்றி அமைத்தாள்.

திருகோணமலைக்கு நானும் கூடப் போனேன். விடியுமுன் பஸ் ஏறினோம். மடியில் சான்றிதழ்க் கோவை, பையில் துணித்துண்டும் ஒரு போத்தல் தண்ணீரும்.  வழியில் வாகரை தாண்டும்போது மகள் ஒருமுறை என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரல் குளிர்ந்திருந்தது.

நேர்முகம் நடந்த கட்டடத்துக்கு வெளியே என்னைப்போலப் பல தகப்பன்மாரும் புருசன்மாரும் நின்றார்கள். ஒருவரோடும் நான் கதைக்கவில்லை. உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பேன். ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தது. அதைப் பார்த்தபின் நிற்க முடியாமல் மதில் ஓரத்தில் குந்திவிட்டேன்.

மகள் வந்தபோது ஈரத்துணி இன்னும் கையில் இருந்தது.

"நடுவில இருந்தவர் வாய் திறக்கல்லப்பா. கையக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு உயிர் போயிட்டு. பதில் நாக்கு நுனிக்கு வந்திட்டுது."

"பிறகு?"

"துணியக் கொண்டுபோய் அவர்ர முன்னால வைச்சன். நிண்டன். உங்கட முகம்தான் நினைவுக்கு வந்துது."

"சொன்னாரா?"

"முதல்ல காட்டினார். பிறகு சொன்னார்."

பெயர்ப்பட்டியல் வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. வந்தது. மகளின் பெயரும் கூட்டாளியின் பெயரும் இருந்தன. இப்போது மகள் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். லீவுக்கு வருவாள்.

போன லீவில் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர், "எங்க நோகுது?" என்று கேட்டார். வழக்கம்போல மகளைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் காத்திருந்தார். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். எனக்குப் பழைய பயம் அப்படியே வந்தது. வயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை.

"சாப்பிட்டாப் பிறகு" என்றேன்.

2025 ஓகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை.