எழுத்து வேலை இனி இல்லை

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. எனக்கு அவர் அக்கா. பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அவர் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை நம்பித்தான் பிள்ளையை இங்கே சேர்க்கிறார்கள். அந்த அக்காவே முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டில் எழுதும் வேலை வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்றார். திருத்துகிற நோட்டில் பாதி பெற்றோரே எழுதியதாக இருந்தால் பின்னே என்ன செய்வது?

"சரி, பெற்றோருக்குக் கடிதம் நீங்களே எழுதுங்க. கூட்டத்துல பெற்றோர் பிரதிநிதிகள் ஒத்துக்கிட்டா அடுத்த மாசத்துலேர்ந்து நடைமுறை. இல்லேன்னா பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் தலைமையாசிரியை.

கூட்டத்தில் அக்கா கடிதத்தை வாசித்தார். எழுத்து வேலை இல்லை, மாலையில் பிள்ளைகள் விளையாடட்டும், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மட்டும் எழுந்தார். அவர் மகள் அக்காவின் வகுப்பில் படிக்கிறாள். வந்துவிட்டாரய்யா வம்புக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு இது சரிப்படாது, டீச்சர்."

"பாடம் போயிடும்னு பயப்படறீங்களா?"

"பாடம் கிடக்குது. நான் வீட்டுக்குப் போகவே ஏழாயிடும். வீட்டுப்பாடம் இருக்கறதாலதான் அவ என் பக்கத்துல உக்கார்றா. அதையும் எடுத்துட்டா?"

"உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"சண்டைதான். நான் அழிச்சு எழுதச் சொல்வேன், அவ அழுவா." அவரே சிரித்துவிட்டார். "ஆனாலும் பக்கத்துல இருப்பா, டீச்சர்."

அக்கா அங்கேயே பேனாவைத் திறந்து, கடிதத்தின் அடியில் எழுதி வாசித்தார்: "தினமும் வகுப்பு நூலகத்திலிருந்து ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்கு வரும். பத்து நிமிடம் உங்கள் பிள்ளை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தப்பாகப் படித்தால் திருத்த வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளைக்குக் களைப்பாக இருந்தால் அன்று விட்டுவிடுங்கள்."

"திருத்தவே கூடாதா?" என்றார் ஓட்டுநர்.

"கூடாது. உங்களால முடியுமா?"

"கஷ்டம்தான்," என்று தலையைச் சொறிந்தார். "பாக்கறேன்."

கடிதம் எல்லா வீடுகளுக்கும் போனது. புது மாதம் பிறந்து முதல் வாரம் அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறக்கிறார்களா இல்லையா என்று பார்க்க நோட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கேட்டு நச்சரிக்கவும் கூடாதென்று அவரே சட்டம் போட்டிருந்தார்.

இரண்டாவது வாரம், காலை மணியடிக்கும் முன்பே ஓட்டுநரின் மகள் புத்தகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"நேத்து நான் படிக்கும்போதே அப்பா தூங்கிட்டாரு, டீச்சர்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்புறம் மூடி வெச்சிட்டியா?"

"இல்ல. என் மேல சாஞ்சிருந்தாரா, அதான் அசையாம கடைசி வரைக்கும் படிச்சிட்டேன்."